கீஸ்டோன் இனக் கருத்தை விமர்சித்துக் கட்டுரை எழுதுவோர் கேட்கும் கேள்விகள்

கீஸ்டோன் இனம்னா "சூழலுக்கு ரொம்ப முக்கியமான உயிரினம்"தானே? அப்படியே எழுதிட்டா போதாதா?

போதாது. பெரும்பாலான கட்டுரைகள் முதல் பத்தியிலேயே வழுக்குவது இங்கேதான். காட்டில் அதிகம் நிற்கும் மரமும் முக்கியமானதுதான். அது இல்லாவிட்டால் காடே இல்லை. ஆனால் அதைக் கீஸ்டோன் என்பதில்லை, ஆதிக்க இனம் என்கிறோம். ஏராளமாக இருப்பதால்தான் அதற்கு அவ்வளவு தாக்கம்.

சூழலியலாளர் மேரி பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1996இல் தந்த வரையறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. அந்த இனம் தன் சமூகத்தின் மீது செலுத்தும் தாக்கம் பெரிதாக இருக்க வேண்டும்; அதன் எண்ணிக்கையையோ எடையையோ பார்த்தால் எதிர்பார்க்க முடியாத அளவுக்கும் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கீஸ்டோன். பின்னால் வரும் விமர்சனங்கள் எல்லாம் இந்த இரண்டில் ஏதோ ஒன்றைத்தான் உரசிப் பார்க்கின்றன. அதனால் வரையறையைத் தளர்வாக எழுதினால் பிறகு எதை விமர்சிக்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

புலி, யானை, ஆலமரம் எல்லாத்தையும் கீஸ்டோன்னு சொல்றாங்களே, எல்லாமே சரியா?

எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதே விமர்சனத்துக்கான முதல் பொருள். புலியைக் காத்தால் அதன் பரந்த வாழிடமும் அங்குள்ள மற்ற உயிர்களும் சேர்ந்து காக்கப்படும் என்பது குடை இனம் என்ற வாதம். புலிப் படத்தைப் போட்டால் மக்கள் ஆதரவு கிடைக்கும் என்பது அடையாள இனம் என்ற வாதம். இரண்டுக்கும் உணவு வலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. யானை மரத்தைச் சாய்த்து, பாதை உண்டாக்கி நிலத்தின் அமைப்பையே மாற்றுவது சூழல் பொறியாளர் என்ற வகைக்குள் வரும்.

மில்ஸ், சூலே, டோக் மூவரும் 1993இல் இதைத்தான் சுட்டினார்கள். வேட்டையாடி, இரை, மகரந்தம் கடத்தும் துணை உயிர், பிறவற்றுக்கு இடம்தரும் தாவரம், வாழிடத்தை மாற்றும் விலங்கு என ஐந்து வேறு வேறு பங்குகளுக்கு ஒரே பெயர் ஒட்டப்பட்டிருக்கிறது என்று காட்டி, அந்தப் பெயரையே கைவிட்டு இனங்களுக்கிடையிலான உறவின் வலிமையை நேரடியாக அளக்கலாம் என்றார்கள். கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி போதும். இதையே முழுக் கட்டுரையாக்கினால் பெயர்ச் சண்டையாகத்தான் முடியும். எடுத்துக்காட்டுகளை ஆராய்வதில்தான் உண்மையான விமர்சனம் இருக்கிறது.

ராபர்ட் பெயினோட நட்சத்திர மீன் சோதனை எல்லாப் பாடநூலிலும் இருக்கு. அதைப் போய் எப்படி விமர்சிக்கிறது?

சோதனையில் உண்மையில் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மக்கா விரிகுடாவின் பாறைக் கரையில் 1963 ஜூனில் பெயின் வேலையைத் தொடங்கினார். சுமார் 8 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு பாறைப் பகுதியிலிருந்து பிசாஸ்டர் என்ற நட்சத்திர மீன்களைத் தொடர்ந்து அகற்றிக்கொண்டே இருந்தார். பக்கத்துப் பகுதியை அப்படியே விட்டுவிட்டார். அகற்றிய இடத்தில் முதலில் கொட்டலசுகள் பாறையை நிறைத்தன. பிறகு கலிஃபோர்னியாச் சிப்பி வந்து அவற்றையும் நெருக்கித் தள்ளியது. இடமும் உணவும் இல்லாமல் பாசிகளும் கைட்டன்களும் பெரிய ஓட்டு நத்தைகளும் விலகின. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 இனங்கள் எஞ்சின.

இனி விமர்சனம். எளிதானது, ஒரே ஒரு துண்டில்தான் அகற்றினார், மறுபடிச் சோதனை இல்லை என்பது. இது உண்மைதான், ஆனால் பலவீனமான வாதம். பெயினே பின்னர் டட்டூஷ் தீவில் இதே வேலையைச் செய்தார், பிறரும் செய்தார்கள், சிப்பிகள் கீழ்நோக்கிப் பரவுவது திரும்பத் திரும்பத் தெரிந்தது.

வலுவான கேள்வி, 15, 8 என்று எதை எண்ணினார் என்பது. பாறைப் பரப்பில் கண்ணுக்குத் தெரிகிற, இடம் பிடித்து வாழ்கிற உயிர்களைத்தான் முக்கியமாக எண்ணினார். ஆனால் அடர்ந்த சிப்பிப் படுகை வெறும் சிப்பி மட்டுமல்ல. ஓடுகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் புழுக்கள், சிறு நண்டுகள், நத்தைகள் என ஒரு பெரிய கூட்டமே வாழ்கிறது. தாமஸ் சுசானெக் இதே கரையோரத்தின் சிப்பிப் படுகைகளை ஆராய்ந்தபோது கிடைத்த உயிரின வகைகள் 300க்கும் மேல். அவரும் கெவின் லாஃபர்ட்டியும் 2016இல் பெயினின் சோதனையை மறுபடி எடுத்து இந்தக் கணக்கைத்தான் முன்வைத்தார்கள்: படுகைக்குள் வாழ்பவற்றையும் சேர்த்தால், நட்சத்திர மீன் இல்லாத இடத்தில்தான் இனங்கள் அதிகம். பாறைப் பரப்பில் வாழ்பவை குறைந்தன என்பது பொய்யாகிவிடவில்லை. "பல்வகைமை குறைந்தது" என்ற முடிவு, எந்த உயிர்களை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துத் தலைகீழாகிறது. உங்கள் கட்டுரையில் ஒரே ஓர் எடுத்துக்காட்டுக்கு இடம் இருந்தால் இதையே எடுங்கள். கருத்து பிறந்த இடத்திலேயே அதன் எல்லையைக் காட்ட முடிகிறது.

அப்படின்னா பிசாஸ்டர் கீஸ்டோனே இல்லைன்னு எழுதலாமா?

எழுதாதீர்கள். அது சிப்பிப் படுகையின் கீழ் எல்லையைத் தீர்மானிக்கிறது. கரையின் தோற்றமே அதனால் மாறுகிறது. தாக்கம் பெரிது என்பதில் தகராறு இல்லை. "பல்வகைமையைக் காக்கிறது" என்ற கூடுதல் வாக்கியம்தான் நிற்கவில்லை. எந்தப் பண்பின் மீது தாக்கம் என்று சொல்லாமல் கீஸ்டோன் என்று எழுதுவது முழுமையடையாத கூற்று என்று எழுதுங்கள். பாறை இடம், இனங்களின் எண்ணிக்கை, பாசியின் அளவு, ஊட்டச்சத்துச் சுழற்சி ஆகியவற்றில் ஒன்றுக்குக் கீஸ்டோனாக இருக்கும் இனம் இன்னொன்றுக்கு அப்படி இல்லாமல் போகலாம்.

அதே நட்சத்திர மீன் வேற இடத்துல வேலை செய்யலைன்னு கேள்விப்பட்டேன். அது என்ன கதை?

புரூஸ் மெங்கேயும் குழுவினரும் ஓரிகன் கரையில் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வு அது. பாய்லர் பே, ஸ்ட்ராபெரி ஹில் என்ற இடங்களில் அலை மோதும் முனைகளையும் அலை குறைந்த ஒதுக்கங்களையும் ஒப்பிட்டார்கள். சிப்பிகளை இடம்மாற்றி வைத்து, நட்சத்திர மீன் இருக்கும்போதும் இல்லாதபோதும் எவ்வளவு பிழைக்கின்றன என்று பார்த்தார்கள்.

அலை மோதும் முனைகளில் பெயின் சொன்னதுபோலவே நடந்தது. அலை குறைந்த இடத்தில் வேட்டையின் பங்கு நத்தைகள் முதலான பல வேட்டையாடிகளிடையே பரவிக் கிடந்தது. எந்த ஒன்றையும் தனியாகக் கீஸ்டோன் எனச் சுட்ட முடியவில்லை. அடிக்கடி மணல் மூடிப்போகும் இடத்தில் வேட்டையே முக்கியமாக இல்லை.

ஆக, இனம் மாறவில்லை, கடலும் மாறவில்லை; பாறையின் மீது அலை எப்படி விழுகிறது என்பது மாறியதும் பட்டம் போய்விட்டது. கீஸ்டோன் என்பது இனத்தின் நிரந்தரப் பண்பல்ல, ஓர் இடத்தில் அது வகிக்கும் பங்கு என்று வாதிட இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

தாக்கத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க ஏதோ வாய்பாடு இருக்காமே? அதைக் கட்டுரையில சேர்க்கணுமா?

சேர்த்தால் நல்லது, ஆனால் அதன் ஓட்டையையும் காட்ட வேண்டும். பவர் குழுவினர் தந்தது இது:

```
CI = [(tN − tD) / tN] × (1 / p)
```

tN என்பது இனம் இருக்கும்போது நாம் அளக்கும் பண்பின் அளவு, tD அது நீக்கப்பட்ட பின் உள்ள அளவு, p சமூகத்தில் அந்த இனத்தின் பங்கு. பெயினின் எண்களைப் போட்டால் (15 − 8) / 15, அதாவது 0.47. நட்சத்திர மீனின் பங்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் விடை 9.3. அதையே 20 சதவீதம் என்று வைத்தால் 2.3. இந்தப் பங்குகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. பங்கை எண்ணிக்கையால் அளப்பதா, எடையால் அளப்பதா, பிடித்த இடத்தால் அளப்பதா என்பதைப் பொறுத்து இப்படித்தான் விடை தாவும். முன்பு சொன்ன 300 வகைகளையும் சேர்த்து எண்ணினால் tD பெரிதாகி, விடையின் குறியே மாறிவிடும்.

இன்னொரு சிக்கல், மிக அரிதான இனங்கள். சமூகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள ஓர் இனத்தை நீக்கியதால் 2 சதவீத மாற்றம் வந்தால் 0.02 / 0.001 = 20. பெயினின் நட்சத்திர மீனைவிட இது பெரிய எண்! 2 சதவீதம் என்பது களத்தில் அளவீட்டுப் பிழையோடு கலந்துபோகும் அளவு. அதனால்தான் முதல் பதிலில் சொன்ன இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறார்கள். "பெரிய தாக்கம்" எந்த அளவில் தொடங்குகிறது என்பதற்குக் கோடு எதுவும் கிடையாது. இதை ஒரு வரியில் குறிப்பிடலாம்.

யெல்லோஸ்டோன் ஓநாய் ஆறுகளையே மாத்திடுச்சுன்னு காணொளி பார்த்தேன். அதை வெற்றி உதாரணமா போடலாமா?

தோற்றுப்போன எடுத்துக்காட்டாகப் போடுவதற்கே அதிகப் பொருள் இருக்கிறது. 1920களில் அமெரிக்காவின் அந்தத் தேசியப் பூங்காவில் ஓநாய்கள் அழிக்கப்பட்டன. 1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் கொண்டுவந்து விடப்பட்டன. எல்க் மான்கள் குறைந்தன, வில்லோவும் ஆஸ்பெனும் தழைத்தன, பீவர்கள் திரும்பின, ஓடைகள் சீரடைந்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் சங்கிலி. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே இழுத்துப் பாருங்கள்.

முதல் கண்ணி, மான் குறைந்தது ஓநாயால் மட்டுமா? அதே காலத்தில் மலைச் சிங்கங்களும் கரடிகளும் பெருகின, பூங்காவுக்கு வெளியே மனிதர்கள் வேட்டையாடினார்கள், வறட்சியும் வந்தது. ஓநாயை மட்டும் பிரித்தெடுக்க ஒப்பீட்டுக்கு இன்னொரு யெல்லோஸ்டோன் இல்லை.

இரண்டாவது கண்ணி, மரங்கள் எவ்வளவு மீண்டன? எலைன் பிரைஸும் குழுவினரும் 2022இல் காட்டியது சுவையானது. முந்தைய ஆய்வுகள் ஒவ்வோர் ஆஸ்பென் தோப்பிலும் மிக உயரமான ஐந்து இளங்கன்றுகளை அளந்திருந்தன. வகுப்பில் முதல் ஐந்து மதிப்பெண்களை மட்டும் எடுத்து வகுப்புச் சராசரி என்று சொல்வது போன்றது அது. எந்தத் தெரிவும் இல்லாமல் எடுத்த கன்றுகளை அளந்தபோது மீட்சி இருந்தது, ஆனால் பல மடங்கு குறைவாக.

மூன்றாவதுதான் ஆழமானது. ஓநாய் போன பிறகு மான்கள் வில்லோவைத் தின்று தீர்த்தன, அணை கட்ட மரமில்லாமல் பீவர்கள் போயின, அணைகள் இல்லாததால் ஓடைகள் மண்ணை அரித்துக் கீழே இறங்கின, நிலத்தடி நீர்மட்டமும் இறங்கியது. ஓநாயைத் திரும்ப விட்டால் மட்டும் நீர் மேலே வருமா? டாம் ஹாப்ஸ், டேவிட் கூப்பர் முதலியோர் 2001இலிருந்து சில ஓடைகளில் செயற்கை அணை கட்டியும், சில துண்டுகளுக்கு வேலி போட்டு மானைத் தடுத்தும் பார்த்தார்கள். வேலியும் அணையும் சேர்ந்த இடத்தில்தான் வில்லோ நன்றாக உயர்ந்தது. மான் முற்றிலும் தடுக்கப்பட்டும் நீர்மட்டம் தாழ்ந்தே இருந்த இடத்தில் வளர்ச்சி மந்தம்தான். கீஸ்டோனை நீக்கியதால் ஏற்பட்ட சேதம், அதைத் திரும்ப வைத்தாலும் தானாகச் சரியாகவில்லை. நீக்கிப் பார்த்த சோதனையை வைத்து மீட்பைக் கணிக்க முடியாது என்ற வாதத்தை இங்கே வையுங்கள்.

ஆல், அத்தி மரங்கள் எல்லாக் காட்டுக்கும் கீஸ்டோன்தானே? இதுலயும் சிக்கலா?

இதன் வேர் பெருவின் மானு காட்டில் உள்ள கோச்சா காஷு ஆய்வு நிலையம். மற்றப் பழங்கள் கிடைக்காத வறண்ட மாதங்களில் ஒரு சில அத்தி இனங்கள் குரங்குகளையும் பறவைகளையும் தாங்குகின்றன என்று ஜான் டெர்போர்க் 1986இல் எழுதினார். அங்கே அது பொருந்தியது. 1989இல் காபோன் நாட்டுக் காட்டில் கோட்டியே-இயோனும் மிஷாலூவும் இதைச் சோதித்தபோது அத்தி மரங்கள் அடர்த்தி குறைவாகவும், காய்ப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாதபடியும் இருந்தன. உணவுப் பஞ்ச மாதங்களில் விலங்குகளைத் தாங்கியவை வேறு மரங்கள்.

நம் பக்கத்துச் சான்று வேண்டுமானால் களக்காடு–முண்டந்துறைக்கு உட்பட்ட காக்காச்சி மலைக்காடு இருக்கிறது. அங்கே வெடிப்பலா மரத்தின் பூக்களைச் சிங்கவால் குரங்கும் மலபார் அணிலும் பிறவும் தின்கின்றன என்பதை கணேஷும் பிரியா தவிதாரும் 1997இல் பதிவு செய்தார்கள். சரி, வெடிப்பலாவைக் கீஸ்டோன் என்று சொல்லிவிடலாமா? அது அந்தக் காட்டின் ஆதிக்க மரங்களில் ஒன்று. இரண்டாவது நிபந்தனை இங்கே இடறுகிறது. இந்தச் சிறு முடிச்சைக் கட்டுரையில் அவிழ்த்துக் காட்டினால், வரையறையை நீங்கள் மனப்பாடம் செய்யவில்லை, பயன்படுத்தவே செய்கிறீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரியும்.

காலப்போக்குல ஒரு இனம் கீஸ்டோன் பட்டத்தை இழக்க முடியுமா?

முடியும். அரிசோனாவில் போர்ட்டல் அருகே ஜேம்ஸ் பிரவுன் 1977இல் தொடங்கிய வேலிச் சோதனையைப் பாருங்கள். வேலியில் சிறு துளைகள் விட்டுச் சின்ன எலிகளை உள்ளே அனுமதித்து, பெரிய கங்காரு எலிகளை மட்டும் தடுத்தார்கள். 12 ஆண்டுகளில் புதர் நிலம் உயரப் புல்வெளியாக மாறத் தொடங்கியது. 1990இல் வந்த அந்தக் கட்டுரையில் கீஸ்டோன் என்று அழைக்கப்பட்டது ஓர் இனமல்ல, மூன்று கங்காரு எலி இனங்கள் சேர்ந்த குழு. இனம் என்ற அலகே இங்கே நழுவுகிறது.

1990களின் நடுவில் பெய்லி பை எலி என்ற வேறோர் இனம் அந்தத் துண்டுகளில் குடியேறி, கங்காரு எலிகள் எடுத்துக்கொண்டிருந்த உணவின் பெரும்பகுதியைத் தானே எடுக்கத் தொடங்கியது. மார்கன் எர்னஸ்டும் பிரவுனும் இதை 2001இல் எழுதினார்கள். சோதனையை 15 ஆண்டில் நிறுத்தியிருந்தால் "ஈடு செய்ய முடியாத எலிகள்" என்றுதான் பாடநூலில் இருந்திருக்கும். இரண்டு மூன்று ஆண்டுச் சோதனையை வைத்து ஓர் இனத்துக்கு மாற்றே இல்லை என்று சொல்லும் எந்த ஆய்வையும் இதைக் காட்டிக் கேள்வி கேட்கலாம்.

"எல்லாம் சூழலைப் பொறுத்ததுதான், அது எங்களுக்கும் தெரியும்"னு கருத்தை ஆதரிக்கிறவங்க சொன்னா என்ன பதில் சொல்றது?

இதுதான் கடினமான கேள்வி. நல்ல கட்டுரை இதைத் தவிர்க்காது. பொருந்தினால் கீஸ்டோன், பொருந்தாவிட்டால் "சூழல் வேறு" என்று சொல்லிக்கொண்டே போனால் அந்தக் கருத்தை எந்தச் சான்றாலும் மறுக்க முடியாது. அப்படிப்பட்ட கருத்து எதையும் முன்கூட்டிச் சொல்லவும் உதவாது. எனவே அவர்களிடம் கேட்க வேண்டியது: எந்த நிலைமையில் இந்த இனம் கீஸ்டோனாக இருக்கும் என்று போய்ப் பார்க்கும் முன்பே சொல்ல முடியுமா?

நியாயமாகச் சொன்னால், சில இடங்களில் முடியும். ஓரிகன் ஆய்வுக்குப் பிறகு அலையின் வேகம், சிப்பிக் குஞ்சுகள் வந்து ஒட்டும் அளவு, மணல் மூடுதல் ஆகியவற்றை வைத்து நட்சத்திர மீனின் பங்கை ஓரளவு கணிக்கலாம். அத்திக்கும் அப்படியே: பஞ்ச மாதம் உண்டா, அந்த மாதத்தில் அத்தி காய்க்கிறதா, ஒரு விலங்கு நடமாடும் பரப்புக்குள் போதிய மரங்கள் உண்டா என்று மூன்றையும் கேட்டாலே காபோனையும் பெருவையும் பிரித்துவிடலாம். யெல்லோஸ்டோனில் அப்படி முன்கூட்டிச் சொன்னவர்கள் குறைவு. கதை பின்னால்தான் கோக்கப்பட்டது. இந்த வேறுபாட்டைக் காட்டினால் உங்கள் விமர்சனம் கருத்தை மொத்தமாகத் தூக்கி எறிவதாகவும் இருக்காது, சமாளிப்பாகவும் இருக்காது.

2,000 சொல் கட்டுரைக்கு எத்தனை உதாரணம் வைக்கணும்? எதுக்கு எவ்வளவு இடம்?

மூன்றுக்கு மேல் வேண்டாம். ஏழெட்டை அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம்தான் கிடைக்கும். என்ன அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்று சொல்ல இடமிருக்காது. வரையறைக்கு 250 சொல், பெயின்–ஓரிகன் இணைக்கு 700, யெல்லோஸ்டோனுக்கு அல்லது போர்ட்டலுக்கு 500, முந்தைய கேள்வியில் உள்ள எதிர்வாதத்துக்கு 400, மீதி முடிவுக்கு. மூன்று எடுத்துக்காட்டும் ஒரே விதத்தில் தோற்கக் கூடாது. ஒன்று அளந்த பண்பால், ஒன்று இடத்தால், ஒன்று காலத்தால் தோற்றால் வாதம் நகரும்.

கீஸ்டோன்ங்கிற சொல்லுக்கு 1966ன்னு போடணுமா, 1969ன்னு போடணுமா? ரெண்டும் பார்க்கிறேன்.

சோதனை முடிவுகள் வந்தது 1966இல். அந்தக் கட்டுரையில் கீஸ்டோன் என்ற சொல்லே கிடையாது. சொல்லைப் பெயின் அறிமுகப்படுத்தியது 1969இல் எழுதிய சிறு குறிப்பில். எண்களுக்கு 1966ஐயும் சொல்லுக்கு 1969ஐயும் குறிப்பிடுங்கள்.